எதைவிட எத்தனை சதவீதம்?

சார்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். தமிழ்வழியில் படித்தவள், இப்போது வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஒரு பஞ்சாயத்தின் பயிர்ப்பரப்பைக் காட்டும் பை சார்ட்டில் தென்னை 108 டிகிரி, நெல் 90 டிகிரி. நெல்லைவிடத் தென்னை எத்தனை சதவீதம் அதிகம் என்பது கேள்வி. 360-இல் 18, அதனால் 5% என்று போட்டேன். விடை 20% என்கிறார்கள். மொத்தப் பரப்பையே தராதபோது 20 எப்படி வரும்?
– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் 5 வேறொரு கேள்விக்குச் சரியான விடை. மொத்த நிலத்தில் தென்னையின் பங்கு 30%, நெல்லின் பங்கு 25%. இரண்டுக்கும் வித்தியாசம் 5 சதவீதப் புள்ளி. ஆனால் இங்கே நெல்லோடு ஒப்பிடச் சொல்கிறார்கள், அதனால் நெல்லைத்தான் நூறாக வைக்க வேண்டும். 90-க்கு மேல் 18 கூடுதல். 18/90 என்பது 20%. இதையே திருப்பி, தென்னையைவிட நெல் எவ்வளவு குறைவு என்று கேட்டால் 108-தான் கீழே வரும், விடை 16.67%. கேள்வி எழுதுபவர்களுக்கு இந்தத் தடுமாற்றங்கள் தெரியும். 5, 16.67, 20 மூன்றையும் விடைகளாகத் தந்துவிடுவார்கள். போட்ட எண் அங்கே இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள்.

மொத்தப் பரப்பு ஏன் தேவைப்படவில்லை? ஒரே வட்டத்துக்குள் ஒரு டிகிரி எங்கும் ஒரே அளவு நிலம்தான். ஒன்றை ஒன்றால் வகுக்கும்போது அந்த அளவு அடிபட்டுப் போகிறது. அதனால் டிகிரியைச் சதவீதமாகவோ ஹெக்டேராகவோ மாற்றி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

இரண்டு வட்டங்கள் வந்தால் இந்தச் சலுகை கிடையாது. உதாரணத்துக்கு நானே எண்களை வைக்கிறேன். முதல் ஆண்டு மொத்தம் 1200 ஹெக்டேர், அதில் நெல் 30%. அடுத்த ஆண்டு மொத்தம் 1500, நெல் 25%. துண்டு சிறுத்திருப்பதைப் பார்த்ததும் நெல் குறைந்துவிட்டது என்று கை குறித்துவிடும். கணக்குப் போட்டால் 360 ஹெக்டேர் 375 ஆகியிருக்கிறது. கூடுதல் 15, அதை 360-ஆல் வகுத்தால் சுமார் 4.17% உயர்வு. ஹெக்டேரைக் கண்டுபிடிக்காமலும் முடிக்கலாம்: மொத்தங்களின் விகிதம் 5/4, பங்குகளின் விகிதம் 5/6, பெருக்கினால் 25/24. அதாவது 24-இல் 1 பங்கு கூடியிருக்கிறது. மொத்தங்களையோ அவற்றின் விகிதத்தையோ தராமல் இப்படிக் கேட்டிருந்தால், ‘தரவு போதாது’ என்பதே விடை.

பார் சார்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது இடப்பக்க அச்சு எங்கே தொடங்குகிறது என்பதை. அது 40-இல் தொடங்கினால், 60-ஐக் காட்டும் பட்டை 50-ஐக் காட்டும் பட்டையைப் போல இரண்டு மடங்கு உயரமாகத் தெரியும். உண்மையில் கூடியது 20% மட்டுமே. அங்கே பட்டையின் உயரத்தை அளக்காமல், அச்சில் உள்ள எண்ணை வாசித்துக் கணக்கிடுங்கள்.