கேள்வி-பதில்: உங்கள் விளம்பரம் யார் பக்கத்தில் போய் உட்காருகிறது?

எங்கள் பட்டுப்புடவை வீடியோ விளம்பரம், கோரமான சாலை விபத்துக் காட்சிக்கு முன்னால் ஓடியதாக வாடிக்கையாளர் ஒருவர் படம் பிடித்து அனுப்பினார். எந்த மாதிரி வீடியோக்களோடு விளம்பரம் வரலாம் என்று தீர்மானிக்கும் அமைப்பில், கூகுள் ஆட்ஸில் Standard inventory-தான் வைத்திருக்கிறோம். எப்படி நடந்தது?

Standard என்பது மிக மோசமானதைத்தான் நிறுத்தும். செய்தியாகச் சொல்லப்படும் விபத்து, வன்முறை ஓரளவு உள்ளே வந்துவிடும். ஒரு செய்திச் சேனலுக்கு அது அன்றாடம். முகூர்த்தப் புடவை விற்பவருக்குத் தாங்காது.

முதலில் Where ads showed அறிக்கையைத் திறந்து அந்தச் சேனலைக் கண்டுபிடித்து விலக்குங்கள். அப்புறம் Content suitability பக்கத்தில் Tragedy and conflict வகையையும், நேரலை வீடியோக்களையும் விலக்குங்கள். நேரலையில் அடுத்த நிமிடம் என்ன வரும் என்று யாரும் முன்கூட்டிப் பார்த்து வைக்க முடியாது. இரண்டு வாரம் கவனியுங்கள். அதன் பிறகும் வந்தால் மட்டும் இன்னும் கடுமையாக வடிகட்டும் Limited inventory-க்குப் போங்கள். அதில் விளம்பரம் போய்ச் சேரும் இடங்கள் குறையும், செலவும் ஏறக்கூடும். எதைச் செய்தாலும் நூறு சதவீத உத்தரவாதம் கிடையாது. கூகுளே அப்படித்தான் சொல்கிறது. அதனால் வாரம் ஒருமுறை அறிக்கையைப் பார்ப்பதை விடாதீர்கள்.

பெரியவர்களுக்கான உள்ளடக்கம் என்று குறிக்கும் DL-MA லேபிளை விலக்கினால் போதாதா?

போதாது. அது சினிமா தணிக்கைச் சான்றிதழ் மாதிரி, எந்த வயதினருக்கு ஏற்றது என்று மட்டும் சொல்லும். துக்கச் செய்தி எல்லா வயதினரும் பார்க்கக்கூடியதாகவே இருக்கலாம்.

கொலை, வெட்டு, குண்டு, அடி என்று நீளமான தடைச்சொல் பட்டியல் போட்டோம். இப்போது விளம்பரம் சரியாக ஓடவே இல்லை.

பட்டியலைச் சுருக்குங்கள். குண்டுமல்லி விலை பற்றிய பக்கத்திலும் 'குண்டு' இருக்கிறது, மனை விற்பனைப் பக்கத்தில் 'அடி' இருக்கிறது. சொல்லை மட்டும் பார்க்கும் வடிகட்டிக்கு அர்த்தம் தெரியாது. 2020-இல் பல நிறுவனங்கள் 'கொரோனா வைரஸ்' என்ற சொல்லையே தடுத்தன. நோய் பற்றி நல்ல தகவல் தந்த நாளிதழ்கள் அதனால் விளம்பர வருமானத்தை இழந்தன. எனக்கு இன்றும் வருத்தமான விஷயம் அது.

உங்கள் தொழிலுக்கு உண்மையிலேயே ஒவ்வாத பத்துப் பதினைந்து சொற்களை, இரட்டைப் பொருள் இல்லாதவையாகப் பார்த்து வையுங்கள். மற்றதை வகை விலக்கு பார்த்துக்கொள்ளும்.

டிஸ்ப்ளே விளம்பரத்தில் கிளிக் குவிகிறது, ஆனால் ஒரு விசாரணைகூட வரவில்லை.

Where ads showed அறிக்கையில் மொபைல் ஆப்களைத் தனியாகப் பாருங்கள். குழந்தைகளின் விளையாட்டு ஆப்களில் கிளிக் விகிதம் மட்டும் விண்ணைத் தொட்டு, உங்கள் தளத்தில் யாரும் ஓரிரு நொடிக்கு மேல் நிற்கவில்லை என்றால், அவை பிஞ்சு விரல்கள் தவறித் தட்டியவை. ஆப்களை ஒவ்வொன்றாக விலக்கினால் மறுநாள் புதிது முளைக்கும். விளையாட்டு ஆப் வகைகளை மொத்தமாக விலக்கிவிட்டு, ஏற்கெனவே விசாரணை கொண்டுவந்த ஆப் ஏதாவது அதில் அடிபடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.