ஒரே கூரை, எட்டு அடுப்பு

அன்புள்ள அக்கா,

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை ஹோட்டலா மாத்தியிருக்காங்க. நான் அங்க மேனேஜர். நடு முற்றமும் சுத்தி அறைகளும் இருக்கிற வளவுல வைக்க ஒரு தகவல் பலகை எழுதச் சொல்லியிருக்கார் முதலாளி. நான் எழுதுனது 210 வார்த்தை வந்துடுச்சு, இணைச்சிருக்கேன். கெஸ்ட் நடந்துக்கிட்டே படிச்சு முடிக்கிற மாதிரி எப்படிச் சுருக்குறது? எந்த ஃபாண்ட், என்ன கலர், க்யூஆர் கோடு வேணுமா? வளவைச் சுத்தி எட்டு அறை, எல்லாம் கெஸ்ட் ரூம் ஆயிடுச்சு.
ஒரு வாசகர்

தம்பி,

ஃபாண்ட், கலர் எல்லாம் பலகை எழுதுறவர்கிட்ட கேளுங்க, க்யூஆர் கோடு வச்சாலும் சரி வைக்காட்டியும் சரி, ரூம் சாவியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறவர் எவரும் அதை ஸ்கேன் பண்ணப் போறதில்ல.

உங்க 210 வார்த்தையைப் படிச்சேன். பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு பூச்சு, ஆத்தங்குடி கல், "பிரம்மாண்டமான" நாலு தடவை, "கலைநயம் மிக்க" மூணு தடவை. செட்டிநாட்டுல எந்த ஹோட்டல்ல நுழைஞ்சாலும் இதே சரக்குப் பட்டியல்தான் தம்பி. தேக்கு வந்த ஊரைச் சொல்றோம், அந்தக் கதவுக்குப் பின்னால தூங்குனது யாருன்னு ஒருத்தரும் சொல்றதில்ல. இதெல்லாம் பொய்யின்னு சொல்லலை. ஆனா வந்தவர் காலுக்குக் கீழ ஆத்தங்குடி கல் இருக்கு, அதைப் பத்தி எழுதணும்னா அவர் கண்ணால பார்க்க முடியாததை எழுதுங்க. கண்ணாடித் தகட்டு மேல அச்சை வச்சு கலர் சிமெண்ட் ஊத்துறாங்க, பின்னால மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குறாங்க, அப்புறம் தண்ணித் தொட்டியில ஊற வைக்கிறாங்க, சூளையில வேகறதே இல்ல, அந்தப் பளபளப்பு கண்ணாடியோட முகம் படிஞ்சதால வர்றது. இதையே ரெண்டு வரியில சொல்லிடலாம். ஆனா அது முகப்புல வைக்கிற இன்னொரு பலகைக்கு. வளவுக்கு ஒரே ஒரு விஷயம் போதும்.

இப்போ எனக்குக் கோபம் வந்த வரிக்கு வர்றேன். "ஒரே சமையலறையில் சமைத்து ஒன்றாக உண்டு மகிழ்ந்த மாபெரும் கூட்டுக்குடும்பம்." யார் சொன்னது உங்களுக்கு? அந்த வீட்டுப் பங்காளிங்கள்ல ஒருத்தரையாவது கேட்டீங்களா?

எங்க அப்பத்தா வீடும் அப்படித்தான், காரைக்குடியில இருந்து கொஞ்ச தூரம், ஒரு தெருவுல முகப்பு ஆரம்பிச்சா பின்வாசல் அடுத்த தெருவுல போய் முடியும். நடுவுல முற்றம், சுத்தி அறைங்க. எங்க பேச்சுல அறைக்கே வீடுன்னுதான் பேரு, முன்னால ஒண்ணு உள்ள ஒண்ணுன்னு ரெண்டு அறை சேர்ந்திருந்தா இரட்டை வீடு. மகனுக்குக் கல்யாணம் ஆச்சுன்னா அவனுக்கு அதுல ஒண்ணு. கொஞ்ச நாள்ல "வேறு வைப்பாங்க". அதாவது அந்தப் புது ஜோடிக்குத் தனியா அரிசி பருப்பு, தனியா பாத்திரம், பின்கட்டுல தனியா ஒரு அடுப்பு. சண்டை போட்டு இல்ல தம்பி, நல்ல நாள் பார்த்து, வீட்டுப் பெரியவங்களே செஞ்சு வைக்கிறது. எங்க பின்கட்டுல சுவரோரமா அஞ்சு அடுப்பு வரிசையா இருந்துச்சு, காலையில அஞ்சுலயும் புகை, அஞ்சுலயும் வேற வேற குழம்பு. சின்னப்புள்ளயா இருந்தப்போ எந்த அடுப்புல என்னன்னு மோந்து பார்த்துட்டுத்தான் யார்கிட்ட போய் ஒட்டிக்கிறதுன்னு முடிவு பண்ணுவேன், ரெண்டாவது அடுப்புப் பெரியாச்சிக்கு அது தெரியும், வெங்காயக் கோசு வச்ச அன்னைக்கு கூப்பிடவே மாட்டாங்க, தட்டை மட்டும் எடுத்து வச்சிருப்பாங்க.

எங்க நகரத்தார் கோயில் கணக்கும் இப்படித்தான். கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி, அந்தப் புள்ளிக்குத்தான் வரி, கூரைக்கு இல்ல. ஐயா போனப்புறம் அப்பத்தா அரைப்புள்ளி. அது என்னன்னு அப்போ எனக்குப் புரியலை, அப்பத்தா ஒரு நோட்டுல தன் பேருக்கு நேரா "½" னு எழுதியிருந்ததைப் பார்த்துட்டு அரை டிக்கெட்டான்னு கேட்டுச் சிரிச்சேன். அப்பத்தாவும் சிரிச்சாங்க. இன்னைக்கு வரைக்கும் அந்தச் சிரிப்பு என்னை விடலை.

அதனாலதான் உங்க கூட்டுக்குடும்ப வரி என்னைச் சுட்டுது. எல்லாரும் ஒரே பந்தியில உக்காந்தது கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தின்னு விசேஷத்துக்கு. அவ்ளோ பெரிய வீட்டைக் கட்டுனதும் அந்த நாளுக்காகத்தான், மத்த நாள்ல ஆம்பளைங்க பாதிப்பேர் பர்மாவுலயோ மலேயாவுலயோ கடையில இருந்தாங்க. ஒரே கூரைக்கு அடியில தனித்தனிக் கணக்கு, இதுதான் அந்த வளவோட விஷயம். சுத்தி நிக்கிற எட்டு கதவும் அதைத்தான் சொல்லுது, நீங்க அதுக்கு மேல 101, 102ன்னு நம்பர் அடிச்சு வச்சிருப்பீங்க.

சரி, சுருக்குறதுக்கு வர்றேன். முகப்புல இருந்து ரூமுக்குப் போறவர் முற்றத்து ஓரம் ஒரு இடத்துல தானா நிப்பார், மேல வானம் தெரியுற இடம் அது, பலகை அங்க இருக்கட்டும், நடைபாதை சுவர்ல வேணாம். நான் நின்னு பார்த்த வரைக்கும் ஒருத்தர் பத்து செகண்டுக்கு மேல பலகைக்குக் குடுக்க மாட்டார், தமிழ்ல வார்த்தை நீளம் வேற, அதனால முப்பது வார்த்தை சுமாரா. எழுத்து ஒரு சென்டிமீட்டர் உசரம் இருந்தா நாலடியில இருந்து குனியாம படிக்கலாம், கொம்பும் சுழியும் ஒண்ணு மேல ஒண்ணு இடிக்காத அளவுக்கு வரி இடைவெளி விடுங்க. இங்கிலீஷைத் தனியா எழுதச் சொல்லுங்க, தமிழை அப்படியே பெயர்க்காதீங்க, ஆனா வளவை வளவுன்னே விடுங்க, கோர்ட்யார்ட் ஆக்கிடாதீங்க. நான் எழுதுனா இப்படி எழுதுவேன்:

ஒரே கூரை, எட்டு அடுப்பு

இந்த வளவின் ஒவ்வொரு கதவும் ஒரு தம்பதிக்கு. மகனுக்குக் கல்யாணமானதும் இங்கே ஓர் அறை, பின்னால் தனி அடுப்பு, தனிக் கணக்கு. எல்லோரும் ஒரே பந்தியில் உண்டது விசேஷ நாட்களில்தான். உங்கள் அறைக் கதவும் அதில் ஒன்று.

இருபத்தேழு வார்த்தை, தலைப்பு தனி. கடைசி வரி முக்கியம், அதைப் படிச்சிட்டு அவர் கையில இருக்கிற சாவியையும் கதவையும் பார்ப்பார். அந்த "எட்டு" மட்டும் என் கற்பனை, அறை எட்டுன்னா அடுப்பும் எட்டா இருக்கணும்னு இல்ல. பின்கட்டுல போய் எண்ணுங்க. இடிச்சு ஹோட்டல் கிச்சன் ஆக்கிட்டீங்கன்னா சுவர்ல கரி படிஞ்ச தடம் தெரியும், வெள்ளையடிச்சிருந்தா பங்காளிங்க வீட்டு ஆச்சி யாரையாவது கேளுங்க, அவங்க சொல்ற நம்பரைப் போடுங்க. அவங்களுக்கும் தெரியலைன்னா நம்பரே வேணாம், "ஒரே கூரை, பல அடுப்பு"ன்னு வைங்க.

முதலாளி தேக்கு எங்க, மார்பிள் எங்கன்னு கேப்பார். ரூம்ல வைக்கிற மடிப்புத் தாளுல போட்டுடலாம்னு சொல்லுங்க, படுத்துக்கிட்டு படிக்கட்டும்.

மாட்டுறதுக்கு முன்னால ஏ3 பேப்பர்ல பிரிண்ட் எடுத்து மரப்பலகையில ஒட்டி ஒரு நாள் நிக்க வைங்க, தூண் பக்கத்துல உக்காந்து வர்றவங்க காலைப் பாருங்க, கால் நின்னா சரி, நிக்கலைன்னா இன்னும் ஒரு வரியை எடுங்க. அப்புறம் தம்பி, டிரில் மெஷினைத் தயவுசெஞ்சு சுவர் பக்கம் கொண்டு போகாதீங்க. அந்தப் பழைய சுண்ணாம்புப் பூச்சு ஆணி பட்டா தகடா விட்டுக்கும், சிமெண்ட் வச்சு அடைச்சா அந்த இடம் மட்டும் சொறி மாதிரி தெரியும். கால் வச்ச ஸ்டாண்டுல நிக்க வைங்க.