கசப்புப் பிடிக்காத மச்சானுக்கு என்ன பியர் குடுக்கலாம்?

"எங்கட மச்சானுக்கு பியர் எண்டா ஒரு வாய்தான், கசக்குதெண்டு கிளாஸ வச்சிடுவார். அடுத்த மாசம் தம்பி சுவிஸ்ல இருந்து வாறான், பாசிக்குடாவில எல்லாரும் ஒண்டா இருக்கப் போறம். அங்க இருந்து நாலைஞ்சு போத்தல் கொண்டு வரச் சொல்லலாமெண்டு நினைக்கிறன். எதைச் சொல்ல?" - களுவாஞ்சிகுடியில இருந்து ஒரு வாசகர்

தம்பிக்கு கோல் எடுக்க முந்தி மச்சானிட்ட ஒரு விசயம் கேளுங்க: கசப்பு எப்ப தெரியுது, வாயில வச்ச உடனயா, இல்லாட்டி விழுங்கினதுக்குப் பிறகு அடிநாக்கில நிக்குதா? நான் பாசிக்குடாவில ஒரு ஹோட்டல் பார்ல ஒம்பது வருசம் வேலை செஞ்சனான், கசப்பெண்டு சொல்லி கிளாஸ திருப்பித் தந்த ஆக்கள்ல பாதிப்பேருக்கு அது உண்மையில கசப்பே இல்ல. சிலருக்கு ஸ்ட்ரோங் பியர்ல இருக்கிற மதுசாரம் தொண்டையில காந்துறது, அதைத்தான் கசப்பெண்டு சொல்லுவாங்க. இன்னும் சிலருக்கு கடையில கண்ணாடிக்குள்ள வெயில் படப் பட அடுக்கி வச்சிருந்த பச்சைப் போத்தல்ல வாற ஒரு நாத்தம். பியர்ல போடுற ஹொப்ஸ்ல வெளிச்சம் பட்டா அது கெட்டுப்போய் ஒரு மாதிரி நாறும், பச்சைப் போத்தலும் வெள்ளைப் போத்தலும் அந்த வெளிச்சத்த மறிக்காது, மண்ணிறப் போத்தல் ஓரளவு மறிக்கும், டின் முழுசா மறிக்கும். அதனால மச்சான் இதுவரைக்கும் குடிச்சது பச்சைப் போத்தல் எண்டா முதல்ல அதே பியர டின்ல ஒருக்கா குடுத்துப் பாருங்க, சிலநேரம் பிரச்சினை அதோட முடிஞ்சிடும்.

விழுங்கினதுக்குப் பிறகு அடிநாக்கில நிண்டு, அடுத்த வாய் அடுத்த வாய் எண்டு கூடிக்கூடி வருதெண்டா அதுதான் ஹொப்ஸ் கசப்பு. பியர் காய்ச்சேக்க ஹொப்ஸ் பூவப் போட்டு ஒரு மணித்தியாலம் மாதிரி கொதிக்க விடுவாங்க, கொதிக்கக் கொதிக்க கசப்பு இறங்கும். அத அளக்கிறதுக்கு ஐபியூ எண்டு ஒரு கணக்கு இரிக்கு. ஜெர்மன் கோதுமை பியர் 8ல இருந்து 15 வரைக்கும், வழமையா நாம குடிக்கிற லாகர் 10க்கும் 20க்கும் இடையில, பில்ஸ்னர் 25க்கு மேல, ஐபிஏ எண்டு வாறது 40ல இருந்து 70 வரைக்கும் போகும்.

ஆனா இந்த நம்பர மட்டும் பாத்து வாங்கினா ஏமாந்து போவீங்க. எங்கட லயன் ஸ்டவுட்ட எடுங்க, அந்த மாதிரி ஸ்டவுட்டுகள்ல ஹொப்ஸ் அளவு லாகர விட கூடத்தான், ஆனா லாகர் கசக்குதெண்டவர் ஸ்டவுட்ட ரசிச்சுக் குடிக்கிறத நான் எத்தினையோ தரம் பாத்திருக்கன். காரணம் மோல்ட். பார்லிய ஊறப்போட்டு, முளைக்க விட்டு, காய வச்சு எடுக்கிறதுதான் மோல்ட், சூட்டில கூட நேரம் விட்டா பாணோட கரைப்பக்கம் மாதிரி நிறமும் மணமும் வரும், இன்னும் விட்டா கோப்பிக்கொட்டை மாதிரி கறுக்கும். மோல்ட்ட கூடப் போட்டு, அதில வாற சீனி முழுதையும் ஈஸ்ட் தின்னாம மிச்சம் விட்டா பியர்ல இனிப்பு நிக்கும், அந்த இனிப்பு கசப்ப மூடிப்போடும். தேத்தண்ணிக்கு சீனி போடுற மாதிரித்தான், சாயம் குறையல்ல, ஆனா நாக்கு அதைக் கவனிக்காது.

அதனால தம்பியிட்ட முதல்ல சொல்ல வேண்டியது டொப்பல்பொக். முனிக் பக்கத்து பியர், பவுலானர் மடத்துச் சாமிமார் தவக்காலத்தில சாப்பாட்டுக்குப் பதிலாக் குடிச்சதெண்டு சொல்லுவாங்க, அதால திரவப் பாண் எண்டே ஒரு பேர் இரிக்கு. பேர் பாத்தே கண்டுபிடிக்கலாம், அனேகமா 'ஏட்டர்' எண்டு முடியும், சால்வேட்டர், செலிப்ரேட்டர், ஒப்டிமேட்டர் எண்டு. சால்வேட்டர் 7.9 வீதம், செலிப்ரேட்டர் 6.7 வீதம். மச்சானுக்கு மதுசாரக் காந்தலும் ஒத்துவராதெண்டா செலிப்ரேட்டர் நல்லம். வாயில வச்சா கித்துள் பாணி, வறுத்த பாண், பேரீச்சம்பழம் எல்லாம் சேர்ந்த மாதிரி இரிக்கும். ஒரேயொரு போத்தல் போதும், ஏனெண்டா அது தேத்தண்ணிக் கோப்பையில அரைவாசி அளவு குடுக்கிற சாமான், மடமடவெண்டு குடிக்கிறதில்ல.

ரெண்டாவது கோதுமை பியர், ஹெஃபெவைஸன் எண்டு போத்தல்ல இரிக்கும், எர்டிங்கர், பவுலானர், வைன்ஷ்டெஃபானர் எதெண்டாலும் சரி, சுவிஸ் கடையில லேசா எடுக்கலாம். இஞ்சதான் இனிப்பில இருந்து பழத்துக்கு மாறுற இடம். இதுக்குள்ள ஒரு பழமும் போடுறதில்ல, ஆனா கிளாஸ மூக்குக்கிட்ட கொண்டு போனா நல்லாப் பழுத்த வாழைப்பழ வாசமும் கராம்பு வாசமும் வரும். அந்த ஈஸ்ட் நொதிக்கேக்க உண்டாக்கிற ஐசோஅமைல் அசிடேட் எண்ட பொருள்தான் வாழைப்பழத்திலயும் இரிக்கு, அதாலதான் மணம் ஒண்டாவே இரிக்கு. ஊத்தேக்க கிளாஸ சரிச்சு மெல்லமா ஊத்துங்க, போத்தல்ட அடியில கொஞ்சம் மண்டி நிக்கும், அதுதான் ஈஸ்ட். ஜெர்மன்காரர் அதையும் சுழட்டி ஊத்துவாங்க, ஆனா மண்டியில மெல்லிய கசப்பொண்டு இரிக்கு, மச்சான்ட முதல் கிளாஸுக்கு அதை விட்டுடுங்க.

அதுக்குப் பிறகு பெல்ஜியம் வெள்ளை பியர், ஹூகார்டன் எண்டா எங்கயும் கிடைக்கும். தோடம்பழத் தோலும் மல்லிக்கொட்டையும் போட்டுக் காய்ச்சுறது, 4.9 வீதம். தடிமன் வந்தா மல்லித்தண்ணி குடிச்சு வளந்த எங்களுக்கு அந்த மணம் புதிசில்ல. இந்த வகை ஒரு காலத்தில அழிஞ்சே போயிட்டு, 1960கள்ல அந்த ஊரில பால் வித்துக்கொண்டிருந்த பியேர் செலிஸ் எண்டவர்தான் திரும்பக் காய்ச்சத் தொடங்கினவர்.

கடைசியா கிரீக், புளிப்புச் செர்ரி போட்ட பெல்ஜியம் பியர். லிண்டமன்ஸ் கிரீக் 3.5 வீதம்தான், இனிப்பு, சிவப்பு, நுரையே ரோஸ் நிறம். இதில ஒரு கண்ணி இரிக்கு. போத்தல்ல பேருக்கு முன்னால ஓ, யூ, டி, ஈ எண்டு நாலெழுத்து இருந்தா அது இனிப்புச் சேர்க்காத பழைய முறை, பழப்புளி கரைச்சுக் குடிச்ச மாதிரி பல் கூசும், அத எடுக்க வேணாமெண்டு தம்பிக்குச் சொல்லிப்போடுங்க. அதே மாதிரி மாம்பழம், பாஷன் ஃப்ரூட் மணமெண்டு லேபல்ல போட்ட ஐபிஏயும் வேணாம். அதில பழ மணம் வாறது ஹொப்ஸ்ல இருந்து, மூக்குக்குப் பழம், நாக்குக்குப் பாவக்காய்.

குடுக்கிற வரிசைய மாத்திப்போடாதீங்க, நான் இந்த வரிசையச் சொன்னது அதுக்குத்தான். ஒருக்கா கல்முனைப் பக்கத்து தம்பியொருத்தன் கூட்டாளிமாரோட வந்தவன், பழமெண்டா பிடிக்கும்தானே எண்டு நான் முதல்லயே இனிப்பு கிரீக்க ஊத்திக் குடுத்திட்டன். நல்லா ரசிச்சான், மறுகா கோதுமை பியரக் குடுத்தா முகத்தைச் சுளிச்சிட்டான், இதுவும் கசக்குதெண்டான். தொதல் திண்டிட்டு தேத்தண்ணி குடிச்ச கதைதான், இனிப்புக்குப் பிறகு எதுவும் கசப்பாத்தான் தெரியும். கொஞ்ச நாள் கழிச்சு அவன் திரும்ப வந்தான், அப்ப டொப்பல்பொக் ஒரு அரைக் கோப்பை, நடுவில தண்ணியும் அவிச்ச மரவள்ளிக்கிழங்கு ரெண்டு துண்டும், பிறகு அதே கோதுமை பியர் எண்டு குடுத்தன். கிளாஸ வைக்காம முழுசாக் குடிச்சான். டொப்பல்பொக்கும் இனிப்புத்தானே எண்டு கேப்பீங்க, ஓம், ஆனா அது பாண் மாதிரி இனிப்பு, அதோட ஹொப்ஸும் கொஞ்சம் பின்னால நிக்கும், அதனால அடுத்து வாற கோதுமை பியர் அதுக்குப் பக்கத்தில லேசாத் தெரியும். கிரீக் மாதிரி நாக்க மூடுறதில்ல.

மற்றது குளிர். எங்கட ஆக்கள் பியர் எண்டா ஐஸ் மாதிரி இருக்கோணுமெண்டு ஃப்ரீசருக்குள்ள வச்சு எடுப்பாங்க. அவ்வளவு குளிரில மோல்ட்ட இனிப்பும் வாழைப்பழ மணமும் ஒண்டும் தெரியாது, கசப்புத்தான் தனிய மிஞ்சும். டொப்பல்பொக்க ஃப்ரிட்ஜில இருந்து வெளிய எடுத்து ஒரு பத்துப் பதினைஞ்சு நிமிசம் வைங்க, எங்கட வெக்கைக்கு அது போதும். கோதுமை பியருக்கு அஞ்சு நிமிசம். கிரீக்க குளிராவே குடுங்க.

அரை லீட்டர் கண்ணாடிப் போத்தல் ஒண்டு ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும், தம்பிட லக்கேஜ்ல அதுக்கு இடம் விடச் சொல்லுங்க, ஒவ்வொண்டா உடுப்பில சுத்தி நடுவில வைக்கோணும், கையில கொண்டு போற பேக்கில விடமாட்டாங்க. வந்து சேர்ந்ததும் ஒரு நாள் ஃப்ரிட்ஜில நிமித்தி வைங்க, குலுங்கின மண்டி அடியில இறங்கட்டும்.

தம்பியால கொண்டு வர ஏலாமப் போனாலும் வழி இரிக்கு. லயன் ஸ்டவுட் ஒண்டு வாங்குங்க, அது 8.8 வீதம், அதால நாலு பேருக்குப் பிரிச்சு, கொஞ்சம் குளிர் விட்டதுக்குப் பிறகு குடுங்க. மச்சான் சீனி போட்ட கோப்பிய விரும்பிக் குடிக்கிற ஆள் எண்டா இது அனேகமா சரிவரும், கோப்பியே ஆகாதெண்டா இதில இருக்கிற வறுத்த கசப்பும் ஆகாது. அப்பிடியெண்டா சாதாரண லாகர் ஒரு பங்கு, ஸ்ப்ரைட் இல்லாட்டி இஞ்சி பியர் ஒரு பங்கு, ரெண்டையும் நல்லாக் குளிர வச்சு கிளாஸ சரிச்சு ஊத்துங்க. கசப்பும் பாதி, மதுசாரமும் பாதி. ஜெர்மனியில இதுக்கு ராட்லர் எண்டு பேர், கடையில டின்லயே விக்கிறாங்க. நீங்க போற நாள் போயாவில விழுதா எண்டு கலண்டரப் பாத்து முதல் நாளே வாங்கி வைங்க, போயாவுக்கு ஹோட்டல் பாரும் பூட்டு. திரும்பி வரேக்க குடிக்காத ஒருத்தர்ட கையில வான் திறப்பக் குடுத்திடுங்க.