பத்தாம் நாள் போட்ட ஐந்து ஸ்டார்

"ஐயா, இன்ஸ்டாவில் ஒரு அக்கா, 'நானே இதைத்தான் போடுறேன், பத்தே நாளில் முகம் வெளுக்கும்' என்று ஒரு நைட் க்ரீமைக் காட்டினார். கமெண்ட் எல்லாம் நல்லபடியாக இருந்ததால் அவருக்கே 1,450 ரூபாய் ஜிபே பண்ணி வாங்கினேன். முகம் பளிச்சென்று ஆனது. அடுத்த டப்பாவுக்கு 150 ரூபாய் குறைப்பதாகச் சொன்னதால் நானும் செல்ஃபியோடு ஐந்து ஸ்டார் போட்டேன். மூன்று மாதம் கழித்து நிறுத்தியதும் முகம் சிவந்து, பருவெடித்து எரிகிறது. ஸ்டீராய்டாக இருக்கலாம் என்கிறார் தோல் டாக்டர். அந்த அக்காவோ 'உன் ஸ்கின்தான் சரியில்லை' என்று கேவலமாகப் பேசுகிறார். புகார் சொல்லி நான் போட்ட பதிவை நீக்கினால் 1,450 ரூபாய் தருவாராம். டப்பாவில் கம்பெனி முகவரியே இல்லை. நிச்சயதார்த்தமும் தள்ளிப்போய்விட்டது. பத்து லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா? தங்கை வேறொரு க்ரீம் வாங்கப் போகிறாள், அதற்கு 4.6 ஸ்டார். எதை நம்புவது?"
— ஒரு வாசகி, திருப்பூர்

அந்த ஜிபே ரசீதுதான் உங்கள் வழக்கு. அவர் பேசியதும் நிச்சயதார்த்தம் தள்ளிப்போனதும் எவ்வளவு வலிக்கும் என்று தெரிகிறது. ஆனால் நீங்கள் வழக்குப் போடப்போகும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் அவற்றுக்கு எடை குறைவு.

விளம்பரம் மட்டும் செய்தவரிடமிருந்து உங்களுக்கு இழப்பீடு வாங்குவது கடினம். தவறான விளம்பரத்தில் தோன்றியவருக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை பத்து லட்சம் வரை அபராதம் போடலாம். அந்தப் பணம் உங்கள் கைக்கு வராது. விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் பேசினேன் என்று காட்டிவிட்டால் அவர் தப்பிக்கவும் வழி இருக்கிறது. ஆனால் உங்கள் பணம் அவர் கணக்குக்கே போயிருக்கிறது. அதனால் அவர் விற்பனையாளர். தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளை விற்றால், அதனால் வந்த தீங்குக்கு விற்றவரே பொறுப்பு என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆவது பிரிவு. டப்பாவில் முகவரி இல்லாததை நீங்கள் பலவீனமாக நினைக்கிறீர்கள். இங்கே அது உங்களுக்குச் சாதகம்.

உண்மையான பலவீனம் நீங்கள் போட்ட ஐந்து ஸ்டார். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டப்போவது அதைத்தான். "மனுதாரரே சிரித்த முகத்தோடு பாராட்டியிருக்கிறார், இவருக்கு வந்தது அலர்ஜி" என்பார். இதே போன்ற ஒரு வழக்கில் என் கட்சிக்காரர் பயந்துபோய், என்னிடம் வருவதற்கு முன்பே தன் ரெவ்யூவை அழித்துவிட்டார். எதிர்த்தரப்பிடம் அதன் படம் இருந்தது. குறுக்கு விசாரணையில் ரெவ்யூவைவிட, அதை ஏன் மறைத்தீர்கள் என்ற கேள்விதான் எங்களைச் சாய்த்தது. ஆகவே அழிக்காதீர்கள். 150 ரூபாய் குறைப்பதாக அவர் அனுப்பிய மெசேஜைத் தேடி எடுங்கள். காசு கொடுத்து வாங்கிய பாராட்டு என்பதற்கு அதுவே ஆதாரம். அதோடு, பத்தாம் நாள் முகம் பளிச்சென்றது பொய்யில்லையே. பின்னால் வந்த பாதிப்போடு சேர்த்துப் பார்த்தால், அதுவும் டாக்டரின் சந்தேகத்துக்கே பலம் சேர்க்கும்.

தங்கைக்குச் சொல்ல வேண்டியதும் இதுதான். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் மாதிரி ஸ்டீராய்டு கலந்த க்ரீம், போட்ட சில நாளில் சிவப்பையும் பருவையும் அமுக்கி முகத்தை வெளுப்பாகக் காட்டும். நிறுத்தினால்தான் அடக்கி வைத்ததெல்லாம் திரும்பி வரும். ரெவ்யூ எழுதுபவர்கள் பலர் எழுதுவது போட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே. உங்களைப் போலவே அவர்களும் மனதறிந்து பொய் சொல்லவில்லை, சீக்கிரம் சொல்லிவிட்டார்கள். அதனால் 4.6 என்ற எண்ணை விட்டுவிட்டு, ஒன்று இரண்டு ஸ்டார் ரெவ்யூக்களைத் திறந்து "நிறுத்தினதும்", "விட்டதும்", "போடாவிட்டால்" என்ற சொற்களைத் தேடச் சொல்லுங்கள். சம்பந்தமில்லாத நான்கு பேர் நிறுத்திய பிறகு எரிச்சல், முன்பைவிடக் கறுப்பு என்று எழுதியிருந்தால் அந்த க்ரீம் வேண்டாம். கூரியர் சீக்கிரம் வந்தது, பேக்கிங் அழகு என்று எழுதும் ஐந்து ஸ்டார்களில் தோலைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது, அவற்றை எண்ணவே வேண்டாம்.

அப்புறம், யாராவது டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கட்டும். உற்பத்தியாளர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், மூலப்பொருள் பட்டியல் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். இறக்குமதி என்றால் பதிவுச் சான்றிதழ் எண்ணும் வேண்டும். விளம்பரம் செய்பவர் முன்பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு, விலை கேட்டால் "டி.எம். பண்ணுங்க" என்றால், நாளைக்கு நோட்டீஸ் அனுப்ப ஒரு முகவரிகூடக் கிடைக்காது. பணம் வாங்கிக்கொண்டு பேசினால் அதை அவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டு விதிமுறை. அப்படிச் சொல்லாமல் "நானே போடுறேன்" என்பவரை நான் ஒரு கடைக்காரராகத்தான் பார்ப்பேன்.

இனி, கட்சிக்காரர்கள் தவறாமல் விழுகிற இடம். மிச்சமிருக்கும் க்ரீமை நீங்களே ஏதாவது தனியார் லேபுக்கு அனுப்பாதீர்கள். சின்ன டப்பாவுக்கு மாற்றவும் வேண்டாம். "இது எங்கள் க்ரீமே இல்லை, நடுவில் கலந்துவிட்டார்கள்" என்ற ஒரே வரியில் அறிக்கை செத்துவிடும். மூடியைத் திறக்காமல், வந்த அட்டைப்பெட்டியோடு ஒரு கவரில் போட்டு ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். மனுவோடு, மாதிரியை ஆணையமே முத்திரையிட்டுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று அதே நுகர்வோர் சட்டத்தின் 38ஆவது பிரிவின் கீழ் கேளுங்கள். எதைத் தேட வேண்டும் என்பதையும் எழுதுங்கள்: ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன், பாதரசம். பொதுவாக "தரம் பார்க்கவும்" என்று எழுதினால் பொதுவான பதில்தான் வரும். க்ரீமின் பெயரும் எத்தனை நாள் போட்டீர்கள் என்பதும் டாக்டர் சீட்டில் இருக்கட்டும். அவர் வாயால் சொன்னது சாட்சியாகாது.

பாதரசத்தைச் சும்மா சேர்க்கவில்லை. 2023இல் கேரளத்தின் கோட்டக்கலில், இந்த மாதிரி வெளுக்க வைக்கும் க்ரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். வழக்கு கிடக்கட்டும், இந்த வாரமே சிறுநீரில் புரதம் போகிறதா என்று பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அவருடைய வீடியோவை, கணக்கின் பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி இன்றே பதிவு செய்யுங்கள். நோட்டீஸ் போன அன்றே அது காணாமல் போகும். உரையாடல் இருக்கிற போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம், அந்த மெசேஜ்களை ஆதாரமாகக் காட்டச் சான்றிதழ் கொடுக்க அந்தப் போனே வேண்டும். உங்கள் புகார்ப் பதிவில் நடந்ததை மட்டும் வைத்துக்கொண்டு "விஷம்", "திருடி" போன்ற சொற்களை எடுத்துவிடுங்கள். பரிசோதனை அறிக்கை வருவதற்குள் அவதூறு நோட்டீஸ் வந்துவிடும். "பணம் தராவிட்டால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் போவேன்" என்றும் எழுதாதீர்கள். புகார் கொடுப்பது உங்கள் உரிமை, அதை விலை பேசினால் மிரட்டிப் பறித்ததாக உங்கள் மேலேயே திருப்புவார்கள்.

பத்து லட்சத்தை மறந்துவிடுங்கள். ஆணையம் பில்லைப் பார்க்கும், வடு நிற்குமா என்று டாக்டர் எழுதியதைப் பார்க்கும். என்னிடம் கேட்டால் சமரசம் செய்யுங்கள், ஆனால் 1,450க்கு அல்ல. இரண்டு டப்பா விலை 2,750, இதுவரையான வைத்தியச் செலவு, இன்னும் ஆறு மாத வைத்தியத்துக்கு டாக்டர் எழுதித் தரும் தொகை, அதற்கு மேல் மன வேதனைக்கு ஒரு ஐம்பதாயிரம் என்று நோட்டீஸில் கேளுங்கள். தொகை வங்கி வழியாக வரட்டும். அந்தப் புகார்ப் பதிவை நீக்கச் சொன்னால் நீக்கலாம். "பொருளில் குறையில்லை" என்று எழுதிக் கேட்டாலோ, அரசுத் துறையிடம் புகார் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கேட்டாலோ கையெழுத்துப் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் "சரிக்கா, செட்டில் ஆயிடுச்சு" என்று ஒரு வார்த்தை போட்டாலும் அதைக் கொண்டுவந்து ஆணையத்தில் காட்டுவார்கள். பேச்சு இழுத்துக்கொண்டே போனால், பாதிப்பு தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட்டாக வேண்டும்.