புனைபெயர் வைக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

கேள்வி: சிறுகதைகள் எழுதி வருகிறேன். 'யாழினி' என்று புனைபெயர் வைத்துக்கொள்ள ஆசை. ஆனால் அந்தப் பெயரில் ஏற்கெனவே பலர் இருக்கிறார்கள். அர்த்தமுள்ள, மனதில் நிற்கிற, வேறு யாரும் வைத்திருக்காத பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது? அம்மாவின் பெயர் மருதாயி. அவரையும் பெயருக்குள் கொண்டுவர முடிந்தால் சந்தோஷம்.

பதில்: உங்கள் கடைசி வரியிலேயே பாதி விடை இருக்கிறது. அகராதியில் அழகாகத் தெரியும் சொல் எல்லோருக்கும் அழகாகத்தான் தெரியும். அதனால்தான் யாழினி, நிலா, தென்றல் போன்ற பெயர்களுக்கு இத்தனை சொந்தக்காரர்கள். உங்களுக்கு மட்டுமே உரிய ஒன்றை அந்தச் சொல்லோடு சேர்த்தால் கூட்டம் சட்டென்று குறைந்துவிடும். ராஜகோபாலன் என்ற கவிஞர் இதைத்தான் செய்தார். தன் ஆசான் பாரதிதாசனின் இயற்பெயரான சுப்புரத்தினத்தை எடுத்து 'சுப்புரத்தினதாசன்' என்று வைத்துக்கொண்டு, அதையே 'சுரதா' என்று சுருக்கினார். மூன்றே எழுத்து, உள்ளே ஒரு காரணம், வேறு யாருக்கும் தோன்றாத பெயர்.

உங்கள் விஷயத்தில் 'மருதயாழினி' என்று வைத்துப் பார்க்கலாம். அம்மாவின் பெயர் உள்ளே இருக்கிறது. மருதயாழ் பழைய தமிழிசையில் பெரும்பண் ஒன்றின் பெயர் என்பதால் ஒட்டுப்போட்டது போலவும் தெரியாது. சரி, இதைச் சோதிப்போம்.

முதலில் வேற்றுமை உருபுகளைச் சேர்த்துப் பாருங்கள். 'மருதயாழினியின் கதைகள்', 'மருதயாழினிக்கு விருது' என்று எழுதினாலும் பெயர் முழுசாக நிற்கிறது. 'கடல்மரம்' என்று வைத்திருந்தால் 'கடல்மரத்தின் கதைகள்' ஆகியிருக்கும். பெயரின் வடிவமே மாறிவிடும். படித்தவர் திரும்பத் தேடும்போது தடுமாறுவார். மகர மெய்யில் முடியும் பெயர்களை இதனால்தான் நான் தவிர்க்கச் சொல்வேன்.

அடுத்தது காதுச் சோதனை. போனில் இரண்டு மூன்று பேரிடம் பெயரை ஒருமுறை சொல்லி, எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ழகரம் ளகரமாகிறதா, னகரம் ணகரமாகிறதா என்று தெரிந்துவிடும். பெரும்பாலானவர்கள் தவறாக எழுதினால், பெயர் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் விட்டுவிடுவது நல்லது.

ஆங்கில எழுத்துகளில் எழுதும்போதுதான் உண்மையான சிக்கல் வரும். Maruthayazhini, Marudhayazhini, Maruthayalini, மூன்றும் சரியாகவே படும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துங்கள். தேடும்போது மட்டும் எல்லா வடிவங்களிலும் தேடுங்கள்.

தேடலை உங்கள் பழைய தேடல்கள் கலக்காதபடி உலாவியின் தனிப்பட்ட சன்னலில் செய்யுங்கள். பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டு ஒருமுறை, 'கவிதை', 'சிறுகதை', 'நாவல்' ஆகிய சொற்களோடு ஒவ்வொரு முறை. 'மருதயாழினியின்' என்றும் தேடுங்கள். உருபு ஏறிய பெயர் மேற்கோள் தேடலில் தப்பிவிடக்கூடும். அப்புறம் WorldCat என்ற நூலகப் பட்டியல், புத்தகக் கடைத் தளங்கள், சமூக ஊடகக் கணக்குகள். வணிகச் சின்னமாக யாராவது பதிவு செய்திருக்கிறார்களா என்று WIPO Global Brand Database-இல் இலவசமாகப் பார்க்கலாம். எல்லா நாட்டுப் பதிவுகளும் அதில் இருக்காது என்பதால் உங்கள் நாட்டின் பதிவகத்திலும் தேடிவிடுங்கள்.

யாராவது அகப்பட்டால் உடனே பெயரைக் கைவிட வேண்டியதில்லை. அதே மொழியில் எழுதுகிறவர் என்றால் விட்டுவிடுங்கள். அவர் அறியப்படாதவராக இருந்தாலும் பெயர் அவருடையதுதான். வேறு துறையில் இருக்கும் சாதாரண மனிதர் என்றால் கவலையில்லை. பிரபலமானவர் என்றால் துறை எதுவாக இருந்தாலும் வேண்டாம். மேடைப் பெயருக்கு இது இன்னும் கறார். ஹாலிவுட் நடிகர் மைக்கேல் கீட்டனின் உண்மைப் பெயர் மைக்கேல் டக்ளஸ். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு நடிகர் இருந்ததால் அவர் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பாடகர்களுக்கோ, ஒரே பெயர் இருந்தால் இசைத் தளங்களில் ஒருவர் பாடல் இன்னொருவர் பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

பெயர் தேறிவிட்டால் மின்னஞ்சலையும் சமூக ஊடகக் கணக்குகளையும் அன்றே உங்கள் பெயரில் எடுத்துவிடுங்கள், கதை பிறகு வரட்டும். பதிப்பாளருடன் ஒப்பந்தம் போடும்போது கையெழுத்து இயற்பெயரில் இருக்கட்டும். நூலில் அச்சாக வேண்டியது புனைபெயர் என்று ஒரு வரி அதிலேயே எழுதச் சொல்லுங்கள். ராயல்டியும் இயற்பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வரட்டும்.