துணித் துண்டின் போட்டோவிலிருந்து கணினியில் சட்டை: கட்டம் ஏன் பொருந்தவில்லை?

கைத்தறிக் கட்டத் துணியைப் போட்டோ எடுத்து 3டி சட்டையில் போட்டேன். நிறம் சரி, ஆனால் பார்த்தவர்கள் எல்லோரும் "இது வேறு துணி மாதிரி இருக்கே" என்கிறார்கள். எங்கே தப்பு?

அனேகமாக அளவில். கட்டம் நிஜத்தைவிடக் கொஞ்சம் பெரிதானாலும் கண் உடனே பிடித்துவிடும். என்ன பிசகியது என்று சொல்லத்தான் தெரியாது.

துணியை லேசாக இஸ்திரி போட்டு, இழுக்காமல் மேஜையில் விரியுங்கள். பக்கத்திலேயே ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். ஒரு கட்டத்தை மட்டும் அளக்க வேண்டாம், எட்டை அளந்து வகுங்கள். போன மாதம் என்னிடம் வந்த துண்டில் அகலவாக்கில் எட்டுக் கட்டம் 20 செ.மீ., நீளவாக்கில் 20.8. அதாவது ஒரு கட்டம் 2.5க்கு 2.6. கைத்தறியில் ஊடை விழும் நெருக்கத்தைப் பொறுத்து இப்படி வரும். அதைச் சதுரமாக்கித் திருத்தினால் அது வேறு துணிதான்.

படத்தில் 1 செ.மீ.க்கு 120 பிக்சல் இருந்தது. நான்குக்கு நான்கு கட்டமாக வெட்டினேன்: 1200க்கு 1248 பிக்சல். மென்பொருளில் அந்தப் படத்தின் அளவு 10 செ.மீ.க்கு 10.4 என்று கொடுத்தேன். சரிபார்க்க ஒரே வழி எண்ணுவதுதான். தோள் அகலம் 45 செ.மீ. என்றால் அங்கே 18 கட்டம் வர வேண்டும். உங்கள் சட்டையில் எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.

எண்ணினேன், 13தான்! ஸ்கேல் வைக்காமல் எடுத்த படம். போனைக் கிட்டே வைத்து எடுத்தால்தானே நூல் தெளிவாகத் தெரியும்?

தெளிவு கிடைக்கும், கூடவே விளிம்பு வளையும். நடுவில் இருக்கும் கட்டமும் ஓரத்தில் இருக்கும் கட்டமும் ஒரே அளவில் இருக்காது. இரண்டு மூன்று அடி தள்ளி நின்று, ஜூம் லென்ஸ் இருந்தால் அதில், துணிக்கு நேர் மேலே இருந்து எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். வெயில் நேராக விழாத வாசல் நிழல் போதும். மெல்லிய நெசவில் அலை அலையாக வரி தெரிந்தால் அது துணியில் இல்லை, கேமராவின் வேலை. தூரத்தைச் சற்று மாற்றி இன்னொரு படம் எடுங்கள்.

நான் ஸ்கேனரில் போடுகிறேன். வெளிச்சம் சீராக இருக்கும், அளவும் துல்லியம். இந்தப் பாடெல்லாம் தேவையே இல்லையே?

பருத்திக்கு நீங்கள் சொல்வது சரி, நானும் அப்படிச் செய்வதுண்டு. வெல்வெட்டைக் கண்ணாடியில் அழுத்தினால் மயிர் படுத்துவிடும், பட்டின் மினுமினுப்பும் கெடும். அவற்றுக்குக் கேமராதான்.

ஒன்று கேட்கணும். சேலைக்கு மேட்சிங் பிளவுஸ் துணி எடுக்க, போனில் இருக்கும் போட்டோவைக் கடையில் காட்டினால் போதுமா?

இங்கே பேசுவது கணினியில் செய்யும் சட்டை பற்றி. இருந்தாலும் சொல்கிறேன்: போதாது, சேலையையே எடுத்துப் போங்கள். கடை விளக்கில் ஒத்துப்போகும் நிறம் தெருவுக்கு வந்ததும் பிரிந்து நிற்கும். வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

அளவு சரியான பிறகும் என் சட்டையில் கருநீலக் கோடுகள் பள்ளமாகத் தெரிகின்றன. துணியில் அப்படி இல்லை.

மேடு பள்ளப் படத்தையும் அதே போட்டோவிலிருந்து எடுத்திருப்பீர்கள். மென்பொருளுக்கு இருட்டு என்றால் பள்ளம், வெளிச்சம் என்றால் மேடு. சாயம் போட்ட நூல் எது, தாழ்ந்த நூல் எது என்று அதற்குத் தெரியாது. அதே தறியில் அதே நூலில் நெய்த வெள்ளைத் துண்டு கிடைத்தால் அதைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்து மேடு பள்ளத்துக்கு மட்டும் வையுங்கள். நிறத்துக்குப் பழைய படமே இருக்கட்டும். இதைக் கண்டுபிடிக்கும் முன் ஒரு முழு ஆர்டருக்கே பள்ளம் விழுந்த கோடுகளோடு படம் அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

மயில் கழுத்துப் பட்டு? எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் ஒரு நிறம்தான் விழுகிறது.

பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் ஒரே போட்டோவில் அது அடங்காது. நான் இரண்டு கோணத்தில் எடுத்து, பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில், பார்க்கும் கோணத்தைப் பொறுத்து விகிதம் தரும் Layer Weight வைத்துக் கலக்கிறேன். மடிப்பில் நிறம் மாறுவது ஓரளவு வருகிறது. ஆனால் நிஜப் பட்டில், பாவு ஓடும் திசையில் சாய்த்தால் ஒரு மாற்றம், குறுக்கே சாய்த்தால் வேறு. இந்த முறை இரண்டையும் ஒன்றாகவே நடத்துகிறது. முந்தானை தொங்கும் இடத்தில் அது பளிச்சென்று காட்டிக்கொடுக்கிறது. வேறு வழி கண்டவர் யாராவது இருந்தால் நானும் கற்றுக்கொள்கிறேன்.