ஷெட்யூல் 15 என்கிறது, சிங்கிள் லைன் 11 என்கிறது

வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான். டிராயிங் செட்டைக் கொடுத்து, எலெக்ட்ரிக்கலும் மெக்கானிக்கலும் பொருந்துகிறதா பார் என்கிறார்கள். எங்கே தொடங்குவது? (ஜூரோங் வாசகர்)

பிளான் தாள்களை முதலில் ஓரமாக வையுங்கள், தம்பி. மெக்கானிக்கல் எக்விப்மென்ட் ஷெட்யூலையும் எலெக்ட்ரிக்கல் சிங்கிள் லைன் டயகிராமையும் அருகருகே விரியுங்கள். ஒவ்வொரு பம்ப்புக்கும் ஃபேனுக்கும் இந்த நாலைத் தேடுங்கள்: ஃபீடர் உண்டா, எத்தனை கிலோவாட், என்ன ஸ்டார்ட்டர், எத்தனை டியூட்டி எத்தனை ஸ்டாண்ட்பை.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். குளிர்நீர் பம்ப், ஷெட்யூலில் 15 கிலோவாட், சிங்கிள் லைனில் 11. இங்கே மூன்று பேஸ் 400 வோல்ட். பவர் ஃபேக்டர் 0.85, எஃபிஷியன்சி 0.9 என்று வைத்தால், 11 கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 21 ஆம்ப், 15-க்கு 28 ஆம்ப். போட்டிருந்த பிரேக்கர் 25. மோட்டாரின் கிலோவாட் என்பது தண்டில் கிடைக்கும் திறன் என்பதால் எஃபிஷியன்சியால் வகுக்க மறக்கக் கூடாது.

பைப் நீளம் கூடியதால் மெக்கானிக்கல் டிசைனர் பம்ப்பை மாற்றி, தன் தாளை ரிவிஷன் சி ஆக்கியிருந்தார். எலெக்ட்ரிக்கல் தாளோ ரிவிஷன் பி-யை வைத்து வரைந்தது. தாள் மூலையில் உள்ள ரிவிஷன் தேதிகளை ஒப்பிட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

இதில் எனக்குப் பெரிய பயம் சைட்டில் நடப்பதுதான். பிரேக்கர் அடிக்கடி விழுந்தால் யாராவது 40 ஆம்ப் போட்டுவிடுவார்கள், கேபிள் பழையதாகவே இருக்கும். அதனால் குறிப்பு எழுதும்போது பிரேக்கர், கேபிள், ஓவர்லோடு செட்டிங் மூன்றையும் சேர்த்தே கேளுங்கள்.

பிளான்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்தேன், டக்ட்டும் டிரேயும் மோதவில்லை. போதுமா?

போதாது. எலெக்ட்ரிக்கல் அறைக்குள் தண்ணீர் பைப் போகிறதா பாருங்கள். மேலிருந்து பார்த்தால் எதுவும் மோதாது, ஆனால் வியர்க்கும் குளிர்நீர் பைப் சுவிட்ச்போர்டுக்கு நேர் மேலே ஓடும். அப்புறம், டிரேக்கு மேல் கை நுழைந்து கேபிள் போட இடம் இருக்கிறதா என்பதை செக்‌ஷன் வெட்டிப் பாருங்கள்.

தீ எச்சரிக்கை தொடர்பானதை யார் வரைய வேண்டும் என்று இரு குழுவும் தட்டிக்கழிக்கிறார்கள். (உட்லண்ட்ஸ்)

மெக்கானிக்கல் குறிப்பில் "அலாரம் வந்தால் ஏஹெச்யூ நிற்கும்" என்று ஒரு வரி இருக்கும். அந்தச் சமிக்ஞைக்கான கேபிள் எலெக்ட்ரிக்கல் தாளில் இருக்காது. புகை வெளியேற்றும் ஃபேன் இதற்கு நேர்மாறு. அது அப்போதுதான் ஓட வேண்டும், அவசர மின்சாரத்தில், தீயைத் தாங்கும் கேபிளில். சாதாரண போர்டிலிருந்து ஃபீடர் வரைந்திருந்தால் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு அன்றைக்கே இரண்டு குழுவையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள்.